பழுது வரிசையும் கூட்டுச் சதவீதக் கோடும்: ஒரு வார்ப்பாலைக் கணக்கு

தொழிற்சாலைகளின் மாதாந்தரத் தர அறிக்கையில் ஒரு படம் தவறாமல் இருக்கும். இடமிருந்து வலமாக உயரம் குறைந்துகொண்டே போகும் பட்டைகள், அவற்றின் மேல் இடமிருந்து வலமாக ஏறி நூறைத் தொடும் ஒரு கோடு, பெரும்பாலும் எண்பது சதவீதத்தில் குறுக்கே போட்ட ஒரு புள்ளிக்கோடு. இதைப் பரேட்டோ படம் என்கிறார்கள். கூட்டத்தில் இதைப் பார்த்ததும் வரும் முடிவும் பழகிப்போனதுதான்: முதல் மூன்று பட்டைகளே முக்கால்வாசி, அவற்றைப் பிடித்தால் போதும்.

பல சமயம் அந்த முடிவு சரியாகவும் இருக்கும். ஆனால் படம் அப்படிக் காட்டியதாலேயே அது சரி என்று ஆகிவிடாது. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் எந்த எண்களும் இறங்குவரிசையாகத்தான் தெரியும். அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் எந்தக் கோடும் முதலில் செங்குத்தாக ஏறி, போகப்போகத் தணியும். ஆகவே அந்த வளைவைப் பார்த்து வியக்க ஒன்றுமில்லை. எவ்வளவு வளைந்திருக்கிறது, எதை எண்ணியதால் வளைந்தது, எப்படிப் பெயரிட்டதால் வளைந்தது என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றை வார்ப்பாலை ஒன்றின் கணக்கை வைத்துப் பார்ப்பது எளிது. கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஃபவுண்டரி என்றே அழைக்கப்படும் அந்தப் பட்டறைகளில், ஒரே பழுதுக்குப் பல காரணங்களும் ஒரே காரணத்துக்குப் பல பழுதுகளும் இருப்பதால், இந்தப் படத்தின் பலமும் பலவீனமும் அங்கே பளிச்சென்று தெரியும்.

சாம்பல் வார்ப்பிரும்பில் பம்ப் கேசிங் வார்க்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்துக்கொண்டவை. பழுதுகளின் பெயர்களும் அவை பிறக்கும் விதமும் எந்த ஃபவுண்டரியிலும் காணக்கூடியவை. ஒரு மாதத்தில் 12,000 கேசிங் வார்த்ததில் 480 ரிஜெக்ட் ஆகின்றன, அதாவது 4 சதவீதம். பதிவேட்டில் அவை இப்படிப் பிரிந்திருக்கின்றன:

| பழுது | எண்ணிக்கை | கூட்டுச் சதவீதம் |
|---|---|---|
| மணல் சேர்தல் | 168 | 35.0 |
| ப்ளோ ஹோல் | 132 | 62.5 |
| கோல்ட் ஷட் | 60 | 75.0 |
| கோர் ஷிஃப்ட் | 44 | 84.2 |
| ஷ்ரிங்கேஜ் | 28 | 90.0 |
| மிஸ்மேட்ச் | 18 | 93.8 |
| மற்றவை | 30 | 100.0 |

மணல் சேர்தல் என்பது அச்சிலிருந்து உதிர்ந்த மணல் இரும்போடு கலந்து உறைவது. ப்ளோ ஹோல் என்பது வெளியேற வழியில்லாத வாயு விட்டுப்போகும் துளை. இரண்டு பக்கமிருந்து ஓடிவரும் இரும்பு, சூடு குறைந்ததால் ஒன்றோடொன்று ஒட்டாமல் மடிப்பாக நின்றுவிட்டால் அது கோல்ட் ஷட். கேசிங்கின் உள்வெளியை உருவாக்கும் கோர் இடம் நகர்ந்து, சுவர் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் கோர் ஷிஃப்ட். இரும்பு உறையும்போது சுருங்கி உள்ளே விடும் பள்ளம் ஷ்ரிங்கேஜ். மேல்பெட்டியும் கீழ்பெட்டியும் சரியாகப் பொருந்தாத தடம் மிஸ்மேட்ச்.

கூட்டுச் சதவீதத்தைக் கணினித்தாளில் போடுவதற்கு ஒரே வரி போதும். எண்ணிக்கை B2 முதல் B8 வரை இருந்தால் C2-இல் இதை எழுதிக் கீழே இழுக்கலாம்:

```
=SUM(B$2:B2)/SUM(B$2:B$8)
```

வாய்ப்பாடு சரியாக இருந்தும் படம் கெடுவது அச்சுகளில்தான். இடப்பக்க அச்சு எண்ணிக்கையையும் வலப்பக்க அச்சு சதவீதத்தையும் காட்ட வேண்டும். இடப்பக்கத்தின் 480 வலப்பக்கத்தின் 100-க்கு நேரெதிரே நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் கோட்டின் ஒவ்வொரு ஏற்றமும் அதன் அடியிலுள்ள பட்டையின் உயரத்துக்குச் சமமாகும், முதல் பட்டையின் வலது மேல்முனையைக் கோடு தொட்டுச் செல்லும். மென்பொருளிடம் அப்படியே விட்டுவிட்டால், அது மிகப் பெரிய பட்டைக்கு ஏற்ப இடப்பக்கத்தை 180-இல் முடித்துவிடும். வலப்பக்கத்தைச் சில சமயம் 120 சதவீதம் வரை நீட்டியும் வைக்கும். அப்போது 168 என்ற பட்டை படத்தின் உச்சிவரை எழும்பி நிற்கும், அதே பழுதுக்குரிய கோட்டுப்புள்ளி 35 சதவீதத்தில் பட்டையின் நடுவிலேயே புதைந்து கிடக்கும். பார்ப்பவர் கண்ணில் மணல் பிரச்சினை ஆலையையே விழுங்கிவிட்டதாகத் தோன்றும். ஒரு அறிக்கையைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொருத்தம்தான். அது இல்லையென்றால் பட்டையும் கோடும் ஒரே கட்டத்துக்குள் போட்ட இரண்டு தனித்தனிப் படங்கள். ஒன்றை வைத்து மற்றொன்றைப் படிக்கக்கூடாது.

கோட்டின் புள்ளிகளை ஒவ்வொரு பட்டையின் வலது விளிம்பில் வைப்பது பழைய முறை. பூஜ்யத்திலிருந்து தொடங்கும் கோடு அப்போது முதல் பட்டையின் மூலைவிட்டமாக ஏறும். கணினி பெரும்பாலும் பட்டையின் நடுவில் வைக்கிறது. பொருள் மாறாது. ஆனால் விளிம்பில் வைத்தால், இந்தப் புள்ளிவரை உள்ள பழுதுகள் எல்லாம் சேர்ந்து இவ்வளவு என்று தயங்காமல் படிக்கலாம். நான் விளிம்பு முறையின் பக்கம்.

கூட்டுக் கோடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதைப் படிப்பதும் சுலபமாகும். வில்ஃப்ரெடோ பரேட்டோ லொசான் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்தவர். 1896-97-இல் வெளிவந்த தமது நூலில், வரிப்பதிவுகளைக் கொண்டு மக்களிடையே வருமானம் எவ்வளவு ஏற்றத்தாழ்வாகப் பரவியிருக்கிறது என்று காட்டினார். தொழிற்சாலைப் பழுதுகளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் பெயரைத் தரக்கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தவர் ஜோசப் ஜுரான். 1924-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த அவர், தர இழப்பில் பெரும்பகுதி சில பழுதுகளிலேயே குவிந்திருப்பதைக் கண்டார். 1951-இல் வெளிவந்த தரக்கட்டுப்பாட்டுக் கையேட்டில், செல்வம் பரவியிருக்கும் விதத்தையும் தர இழப்பு பரவியிருக்கும் விதத்தையும் கூட்டுக் கோடுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, பரேட்டோவின் பெயரைச் சூட்டினார். 1975-இல் குவாலிட்டி புரோகிரெஸ் இதழில் எழுதிய கட்டுரையில், பரேட்டோ சொல்லாத ஒரு பொதுவிதியை அவர் தலையில் கட்டியது தம் பிழை என்று ஜுரானே ஒப்புக்கொண்டார். கூட்டுக் கோடுகளுக்கான பெருமை மாக்ஸ் லோரன்ஸ் என்பவருக்கே போக வேண்டும் என்றும் எழுதினார்.

இந்த லோரன்ஸ் 1905-இல் செல்வக் குவிப்பை அளக்க ஒரு வளைகோடு போட்டுக் காட்டினார். ஏழையிலிருந்து பணக்காரர் வரை மக்களை வரிசைப்படுத்தி அவர்களுடைய பங்கைக் கூட்டிக்கொண்டே போவது அவர் முறை. எல்லோருக்கும் ஒரே பங்கு இருந்தால் அது மூலையிலிருந்து மூலைக்குப் போகும் நேர்கோடு. ஏற்றத்தாழ்வு கூடக் கூட, அந்த நேர்கோட்டிலிருந்து விலகிக் கீழே தொய்யும். தர அறிக்கைக் கோடு இதையே தலைகீழாகப் போட்டது: பெரியதை முதலில் வைப்பதால் மேலே வீங்குகிறது. ஆனால் லோரன்ஸ் போட்ட நேர்கோட்டைத் தர அறிக்கைகள் எங்கோ தொலைத்துவிட்டன. அளவுகோல் அதுதான். ஏழு பழுதுகளும் சமமாக இருந்தால் கோடு ஒவ்வொரு படியிலும் 14.3 சதவீதம் ஏறி நேராகப் போகும். நம் கணக்கில் மூன்றாவது படியில் நேர்கோடு 43-இல் இருக்க, உண்மைக் கோடு 75-இல் இருக்கிறது. இந்த 32 புள்ளி இடைவெளிதான் குவிப்பின் அளவு. எண்பது சதவீதப் புள்ளிக்கோட்டைக் கோடு எங்கே வெட்டுகிறது என்பதைவிட இந்த இடைவெளி அதிகம் சொல்கிறது. அறிக்கையில் எண்பதுக் கோட்டை எடுத்துவிட்டு மூலைவிட்டத்தை மெல்லிசாகப் போடச் சொல்லுவேன்.

எவ்வளவு இடைவெளி இருந்தால் நம்பலாம்? பத்துப் பதினைந்து நாள் கணக்கை வைத்துக்கொண்டு பழுது வரிசை போடுபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை. ஏழு பழுதுகளும் உண்மையில் சம வாய்ப்புள்ளவை, மொத்தம் 70 உருப்படிகள்தான் ரிஜெக்ட் ஆனவை என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஒவ்வொன்றுக்கும் 10 வர வேண்டும். தற்செயலின் போக்கில் அப்படி வராது. 14, 12, 11, 10, 9, 8, 6 என்பதுபோல் வருவதுதான் இயல்பு. இதை அடுக்கி வரைந்தால் அழகான இறங்குவரிசை, முதல் ஐந்து சேர்ந்து சரியாக 80 சதவீதம். பழுதுகளுக்குள் எந்த வேறுபாடும் இல்லாத இடத்தில் முதல் பழுதுக்கு ஒரு குழு அமைத்து நடவடிக்கை எடுப்பார்கள். அடுத்த மாதம் அது தானாகவே 9-க்கோ 10-க்கோ இறங்கும், நடவடிக்கை பலித்ததாக அறிக்கையில் வரும். லேலண்ட் வில்கின்சன் 2006-இல் தி அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிஷியன் இதழில் பரேட்டோ படத்தைத் திருத்த வேண்டும் என்று எழுதிய கட்டுரையின் மையம் இதுதான். எல்லாக் காரணங்களும் சம வாய்ப்புள்ளவை என்றால் அடுக்கிய பட்டைகள் எந்த உயர எல்லைக்குள் விழும் என்பதையும் படத்தில் காட்டச் சொன்னார் அவர். அந்த எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டைகளே பேசத் தக்கவை.

ஆலைத் தளத்தில் அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும் ஒரு தோராயச் சோதனை உண்டு. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் இரண்டின் வித்தியாசத்தை எடுங்கள். இரண்டின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் கண்டு இருமடங்காக்குங்கள். வித்தியாசம் அதைத் தாண்டினால் முன்பின் வரிசையை நம்பலாம். தாண்டாவிட்டால் அடுத்த மாதம் இரண்டும் இடம் மாறக்கூடும். கோல்ட் ஷட் 60, கோர் ஷிஃப்ட் 44: வித்தியாசம் 16, 104-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 10.2, இருமடங்கு 20.4. தாண்டவில்லை. ஆகவே மூன்றாவது இடம் யாருக்கு என்று வாதிடுவது வீண். மணலும் ப்ளோ ஹோலும்: வித்தியாசம் 36, எல்லை 34.6. மயிரிழையில் தாண்டுகிறது. ஆனால் இந்தச் சோதனை, ஒவ்வொரு பழுதும் தனித்தனியாக வந்ததென்று எடுத்துக்கொள்கிறது. ஃபவுண்டரியில் பழுதுகள் கூட்டமாகத்தான் வரும். மணல் கலவை ஒன்று வறண்டு போனால் அதிலிருந்து செய்த இருபது முப்பது அச்சுகளும் ஒருசேர உதிரும். 168-இல் 40 ஒரே நாள் காலையில் வந்தவையாக இருந்தால் மணலின் முதலிடம் அந்த ஒரு காலையின் கதை. அதனால் வரிசை போடுவதற்கு முன் தேதிவாரியாக ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. நாளுக்கு நாள் சீராக வரும் பழுதையும், ஒரே நாளில் கொட்டிய பழுதையும் மாதக் கூட்டலுக்குள் போட்டு ஒன்றாக்கிவிட்டால் பின்னால் பிரிக்க முடியாது.

அடுத்தது பெயரிடல். படத்தின் வரிசையை வேறெதையும்விட இது அதிகம் ஆட்டுகிறது, கவனிப்பவர்கள்தான் குறைவு. நம் பட்டறையின் பதிவேட்டில் மணல் சேர்தல் என்று ஒரே தலைப்பு. அனுபவமுள்ள மோல்டரிடம் அந்த 168 உருப்படிகளைக் காட்டினால் மூன்றாகப் பிரிப்பார். பெட்டியை மூடும்போது அச்சின் விளிம்பு உடைந்து விழுந்தவை 70. இரும்பு பாயும் வழியில், ஓட்டத்தின் வேகத்தில் அச்சுச் சுவர் அரிபட்டு வந்தவை 58. கோரின் மேல்பரப்பு உதிர்ந்தவை 40. இப்படி எழுதினால் வரிசையின் தலையில் ப்ளோ ஹோல் 132 வந்து நிற்கும், மணலின் பெரிய துண்டு 70-ஆக இரண்டாமிடத்துக்குப் போகும். முதல் இரண்டின் கூட்டுச் சதவீதம் 62.5-இலிருந்து 42-க்கு இறங்கிவிடும். ஆலையில் ஒரு குண்டூசிகூட நகரவில்லை. பதிவேட்டின் பத்திகள் மட்டும் மாறின. ப்ளோ ஹோலையும் அதே ஆழத்தில் பிரித்தால் அதுவும் சிதறும். ஒரு பழுதை நுணுக்கமாகவும் மற்றொன்றை மொத்தமாகவும் எழுதும் பதிவேட்டில், மொத்தமாக எழுதப்பட்டதே எப்போதும் முதலில் நிற்கும்.

மற்றவை என்ற பட்டை எவ்வளவு உயரமானாலும் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்பது மரபு. காரணம் எளிது: அது தனி ஒரு பழுது இல்லை. நம் கணக்கில் அது 30, ஆறு சதவீதத்துக்குச் சற்றே மேல்; பொறுத்துக்கொள்ளலாம். அதுவே ப்ளோ ஹோல் பட்டை அளவுக்கு வளர்ந்தால் அந்தப் படத்தை விவாதத்துக்கு எடுக்காமல் பதிவேட்டைத் திருத்தச் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அவசரமாக எழுதுபவர்களுக்கு மற்றவை ஒரு வசதியான மூலை. இரவு ஷிஃப்டில் மட்டும் மற்றவை அதிகம் இருந்தால் பழுது வார்ப்பில் இருப்பதைவிட எழுதும் முறையில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரட்டைப் பழுது வேறொரு சிக்கல். ஒரே கேசிங்கில் மணலும் இருக்கிறது, ப்ளோ ஹோலும் இருக்கிறது என்றால் எந்தப் பத்தியில் எழுதுவது? பொதுவாக முதலில் கண்ணில் பட்டதை எழுதிவிட்டு உருப்படியைத் தள்ளிவிடுவார்கள். வெளிப்பரப்பில் தெரியும் மணல் இந்தப் போட்டியில் எப்போதும் ஜெயிக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் ப்ளோ ஹோல் தோற்கும். உருப்படிகளை எண்ணுகிறோமா பழுதுகளை எண்ணுகிறோமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, படத்தின் அடியில் எழுதிவிட வேண்டும். பழுதுகளை எண்ணினால் கூட்டுத்தொகை 480-ஐத் தாண்டும். அதில் தப்பில்லை, வலப்பக்கத்தின் 100 சதவீதம் அந்தப் பெரிய தொகையைக் குறிக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும்.

எதை அலகாக வைப்பது என்பதும் இதே வகைத் தீர்மானம். ஃபெட்லிங்கில், அதாவது உறைந்த வார்ப்பை உதறிச் சுத்தம் செய்யும் இடத்தில், ஒரு கேசிங் தள்ளப்பட்டால் அது மறுபடி உலைக்குப் போகும். இரும்பு வீணாகாது, உருக்கிய மின்சாரமும் மணலும் கூலியும் வீண். அதே கேசிங் லேத்தில் ஏறிக் கடைந்த பிறகு தள்ளப்பட்டால் மெஷின் நேரமும் கருவித் தேய்மானமும் அதில் சேரும். நீரழுத்தச் சோதனையில் கசிந்து தள்ளப்பட்டால் இன்னும் அதிகம். மணல், கோல்ட் ஷட், மிஸ்மேட்ச் ஆகியவை வெளியே தெரிபவை. அவையும் மற்றவையும் ஃபெட்லிங்கிலேயே பிடிபட்டு உருப்படிக்கு 400 ரூபாய் இழப்பு தருகின்றன என்று வைப்போம். ப்ளோ ஹோலும் கோர் ஷிஃப்டும் கடைந்த பிறகுதான் வெளிப்படும்: 900 ரூபாய். ஷ்ரிங்கேஜ் அழுத்தச் சோதனையில்: 1,000 ரூபாய். மொத்த இழப்பு 2,96,800 ரூபாய். இப்போது ப்ளோ ஹோல் 1,18,800 ரூபாயோடு 40 சதவீதம் பிடித்து முதலில் நிற்கிறது. மணல் 67,200 ரூபாயோடு இரண்டாமிடம். எண்ணிக்கையில் மூன்றாவதாக இருந்த கோல்ட் ஷட் ஐந்தாமிடத்துக்கு இறங்க, கோர் ஷிஃப்டும் ஷ்ரிங்கேஜும் அதைத் தாண்டி மேலேறுகின்றன.

எண்ணிக்கைப் படமும் ரூபாய்ப் படமும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. மணல் அடிக்கடி வருகிறது என்பது உண்மை; ப்ளோ ஹோல் அதிகம் செலவு வைக்கிறது என்பதும் உண்மை. முதலாளிக்குப் போகும் அறிக்கையில் ரூபாய்ப் படமும், மோல்டிங் தளத்தின் பலகையில் எண்ணிக்கைப் படமும் இருப்பது பொருத்தம். ரூபாய்ப் படத்துக்கு ஒரு குறை உண்டு: அலகுச் செலவை யாராவது தோராயமாகத்தான் போட்டிருப்பார்கள். 900-ஐ 600 என்று மாற்றிப் பாருங்கள். ப்ளோ ஹோல் 79,200 ரூபாய் ஆகும், அப்போதும் மணலைவிட மேலே. 500 என்று மாற்றினால் 66,000, இடம் மாறிவிடும். முடிவு எந்தச் செலவு வரை தாங்குகிறது என்று இப்படி ஒருமுறை தட்டிப் பார்த்தால், செலவுக் கணக்கில் எவ்வளவு துல்லியம் தேவை என்பதும் தெரிந்துவிடும்.

இதுவரை வரைந்தவை எல்லாம் பழுதுகளின் படங்கள். அறிக்கையின் தலைப்பில் பழுதுக் காரணங்கள் என்று அச்சிட்டிருந்தாலும், பதிவேடு காரணத்தைச் சொல்வதில்லை; கண்ணில் பட்டதைச் சொல்கிறது. ஹிதோஷி குமே 1985-இல் வெளிவந்த தமது புள்ளியியல் நூலில், நிகழ்வுகளை வைத்து வரையும் பரேட்டோ படத்தையும் காரணங்களை வைத்து வரையும் படத்தையும் இரண்டு வகையாகவே பிரித்துச் சொல்கிறார். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்குப் போக நடுவில் ஒரு விசாரணை வேண்டும். ப்ளோ ஹோலுக்கு மணலில் ஈரம் அதிகமாக இருந்திருக்கலாம். மணல் இறுகி வாயு ஊடுருவ இடமில்லாமல் இருந்திருக்கலாம். கோர் ஈரத்தை இழுத்திருக்கலாம். வாயுத் துளை அடைபட்டிருக்கலாம். லேடிலைச் சரியாகக் காயவைக்காமல் இரும்பை ஊற்றியிருக்கலாம். ப்ளோ ஹோல் என்ற பட்டை உயரமாக இருப்பதால் இவற்றில் எதைத் தொடுவது என்று தெரியாது.

தெரிய வேண்டுமானால் அந்த 132 உருப்படிகளை மட்டும் எடுத்து வேறொரு கேள்வியால் பிரிக்க வேண்டும். துளை எங்கே இருக்கிறது என்பது நல்ல முதல் கேள்வி, ஏனென்றால் வாயு எங்கிருந்து வந்தது என்பதற்கு இடமே துப்பு. நம் கணக்கில் 88 உருப்படிகளில் துளை கோரை ஒட்டிய உட்சுவரில். 30-இல் மேல்பெட்டிப் பக்கத்து விளிம்பில். மீதி 14 அங்கங்கே. உட்சுவரில் இவ்வளவு குவிந்தால் சந்தேகம் கோரின் மேல்தான். இந்தப் பட்டறையில் கோர் மணலில் சோடியம் சிலிகேட் கலந்து, கார்பன் டை ஆக்சைடு செலுத்தி இறுக்குகிறார்கள். இப்படிச் செய்த கோர் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. மழைக்காலத்தில் வைத்திருந்து எடுத்தால் தொல்லை. ஆக, அடுத்த கேள்வி: அன்றே செய்த கோரா, முந்தின நாள் செய்து வைத்ததா?

இங்கேதான் பரேட்டோ படத்தை விட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது. 88-இல் 62 பழைய கோர், 26 புதிய கோர் என்று பட்டை போட்டால் பழைய கோர் குற்றவாளி என்று தோன்றும். ஆனால் அந்த மாதம் பெரும்பாலும் பழைய கோரையே பயன்படுத்தியிருந்தால்? அப்படியானால் 62 என்பது நியாயமான பங்காகவே இருக்கலாம். பகுக்க வேண்டிய எண் வார்த்த மொத்தம். 12,000-இல் 5,000 கேசிங்குகள் பழைய கோரிலும் 7,000 புதிய கோரிலும் வார்க்கப்பட்டவை என்று உற்பத்திப் பதிவேடு சொல்கிறது. 5,000-இல் 62 என்றால் 1.24 சதவீதம். 7,000-இல் 26 என்றால் 0.37 சதவீதம். மூன்று மடங்குக்கும் மேல். இது கூட்டுச் சதவீதத்தில் எங்கும் தெரியாத எண், ஏனென்றால் கூட்டுச் சதவீதம் கெட்டவற்றுக்குள் மட்டுமே பங்கு போடுகிறது. நல்ல உருப்படிகள் எத்தனை என்று அதற்குத் தெரியாது. ஷிஃப்ட்வாரியாகவும் மெஷின்வாரியாகவும் ஆள்வாரியாகவும் பரேட்டோ வரைந்து ஒருவர்மேல் பழி போடும் அறிக்கைகளில் இந்தக் குறை அடிக்கடி தென்படும். அதிகம் வார்க்கும் ஷிஃப்டில் பழுதும் அதிகம் எண்ணப்படும். அதற்காக அந்த ஷிஃப்ட் மோசம் என்றாகாது.

பழைய கோரைத் தவிர்த்து, அல்லது மறுபடி அடுப்பில் உலர்த்திப் பயன்படுத்தி, வாயு சேரும் மற்ற வழிகளையும் சரிசெய்து, அடுத்த மாதம் ப்ளோ ஹோல் 132-இலிருந்து 50-க்கு இறங்கியது என்று வைப்போம். மற்ற பழுதுகளும் வார்த்த எண்ணிக்கையும் மாறவில்லை. மொத்த ரிஜெக்ட் 398. இப்போது வழக்கம்போல் படம் வரைந்தால் மணலின் பங்கு 35-இலிருந்து 42.2 சதவீதமாக உயர்ந்திருக்கும். மணல் 168-லேயே நிற்கிறது, ஆனாலும் கூட்டத்தில் யாராவது மணல் பிரச்சினை ஏன் மோசமாகிறது என்று கேட்பார்கள். கோடும் முன்பைவிடச் செங்குத்தாகத் தொடங்கும். ஒரு பழுதை அடக்கியதற்குப் பரிசாகப் படம் இன்னும் மோசமாகத் தெரியும். இதைத் தவிர்க்க முன்னும் பின்னுமான இரண்டு படங்களுக்கும் இடப்பக்க அச்சை ஒரே அளவில், அதாவது 480-இலேயே, வைக்க வேண்டும். இரண்டாவது படத்தின் கோடு அப்போது 398-இல் முடியும். உச்சியில் மிச்சமிருக்கும் 82 என்ற வெற்றிடம்தான் கிடைத்த பலன். வார்க்கும் எண்ணிக்கை மாதாமாதம் மாறும் ஆலையில் இடப்பக்கத்தை ஆயிரத்துக்கு இத்தனை என்று வைப்பது இன்னும் நல்லது: முந்தின மாதம் ஆயிரத்துக்கு 40, இந்த மாதம் 33.2.

இதுபோல் பெரிய பட்டைகளை ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டே போனால் மிஞ்சும் பட்டைகள் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வந்துவிடும், கோடும் மூலைவிட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது பழுதின் பெயரை விட்டுவிட்டு, பேட்டர்ன், மோல்டிங் பெட்டி, உருக்கிய ஹீட், மணல் கலவை என்று வேறு வேறு வழிகளில், இப்போது சொன்னதுபோல் வார்த்த எண்ணிக்கையால் வகுத்து, பிரித்துப் பார்க்கலாம். ஏதாவது ஒரு பிரிவில் திடீரென ஒன்று தனித்து உயர்ந்து நிற்கக்கூடும். எந்தப் பிரிவிலும் எதுவும் உயரவில்லை என்றால், மிச்சமிருக்கும் பழுது யாரோ ஒருவரின், ஏதோ ஒரு மெஷினின் கோளாறு அல்ல. மணலின் தரம், வெப்பக் கட்டுப்பாடு, வார்ப்பின் வடிவமைப்பு என்று முறை முழுவதிலும் கலந்து கிடப்பது. அந்தக் கட்டத்தில் தினசரி ரிஜெக்ட் விகிதத்தை எல்லைக்கோடுகளோடு வரையும் கட்டுப்பாட்டுப் படமே பொருந்தும். மாதாந்தர அறிக்கையில் பட்டைகளும் கோடும் இருந்த பக்கத்தை அதற்குக் கொடுத்துவிடலாம்.